‘இலவசச் சோதனை’ இல்லை, வெள்ளோட்டச் சந்தா

‘7 நாள் இலவசச் சோதனை’. `Free trial` என்பதை இப்படித் தமிழாக்கியிருப்பதை இந்த வாரம் மட்டும் மூன்று ஆப்பில் பார்த்துவிட்டேன், இனியும் பொறுக்க முடியவில்லை.

சோதனை வடமொழியின் ‘சோதனா’விலிருந்து வந்தது, அலசிப் பார்ப்பது என்று பொருள். சந்தா பாரசீகம், ரத்து அரபு. வேர்க்கதை இவ்வளவு போதும், வேற்றுமொழிச் சொல் என்பது இங்கே என் குறையே இல்லை.

சோதனை என்றால் அது தானாக முடிந்துவிடும் என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். இரத்தச் சோதனை முடிந்தால் எழுந்து வந்துவிடுகிறோம், யாரிடமும் போய் ‘முடித்துக்கொள்கிறேன்’ என்று சொல்வதில்லை. ஆனால் கார்டு எண்ணை வாங்கிக்கொண்டு தரும் இந்த 7 நாள் அப்படி இல்லை. பொத்தானைத் தொட்ட நொடியிலேயே சந்தா தொடங்கிவிட்டது, முதல் கட்டணம் மட்டும் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நாம் நிறுத்தாவிட்டால் எட்டாம் நாள் யாரும் கேட்காமலே பணம் போகும். தேரையோ கப்பலையோ முதன்முதலாக ஓட்டிப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று நல்ல சொல் இருக்கிறது. அதையும் தனியாக வைத்தால் போதாது, ‘வெள்ளோட்டச் சந்தா’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சந்தா என்ற சொல் கண்ணில் பட்டால்தான் அதை ரத்து செய்ய வேண்டும் என்பது மனதில் நிற்கும். ‘இலவச முயற்சி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள், யார் எதற்கு முயல்கிறார்களோ தெரியவில்லை.

இதைவிடக் கெடுதல், ரத்து செய் என்று வர வேண்டிய இடத்தில் ‘நீக்கு’ என்று போடுவது. என் சித்தப்பா அப்படித்தான் ஆப்பையே போனிலிருந்து நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தார். பணம் எடுத்த குறுஞ்செய்தி வந்ததும், “ஆப்பைத்தான் எடுத்துட்டேனே, அப்புறம் எப்படிடா போச்சு?” என்றார். ஆப் போனில் இருக்கிறது, சந்தாவோ ஆப் ஸ்டோர் கணக்கில் இருக்கிறது. ஒன்றை அழித்தால் மற்றது போகாது.

ஐபோனில் `Settings` திறந்து, மேலே உங்கள் பெயரைத் தொட்டு, `Subscriptions` உள்ளே போய், அந்த ஆப்பைத் தேர்ந்து `Cancel Subscription` கொடுக்க வேண்டும். கடைசி நாள் வரை காத்திருக்கக் கூடாது, வெள்ளோட்டம் முடிய 24 மணி நேரம் இருக்கும்போதே ரத்து செய்யும்படி ஆப்பிள் சொல்கிறது. 3ஆம் தேதி இரவு 9 மணிக்குத் தொடங்கிய 7 நாள் 10ஆம் தேதி இரவு 9க்கு முடியும் என்றால், உங்கள் கெடு 9ஆம் தேதி இரவு 9 மணி. சில ஆப்களில் ரத்து செய்த உடனே வசதியும் நின்றுவிடும், அதற்குத் தயாராக இருங்கள்.

சரி, ரத்தானது எப்படித் தெரியும்? அதே பக்கத்துக்குத் திரும்பப் போய்ப் பாருங்கள். ரத்து செய்யும் பொத்தான் இல்லாமல், முடியும் தேதி சிவப்பு எழுத்தில் இருந்தால் ரத்தாகிவிட்டது. பொத்தான் இன்னும் அங்கேயே இருந்தால் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.