பரனூரில் 6.48, ஊரப்பாக்கத்தில் 6.56

ஞாயிற்றுக்கிழமை மாலை ஊரிலிருந்து சென்னை திரும்புகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டும்போது மணி ஆறு. தாம்பரத்துக்கு 6.48க்குப் போய்விடலாம் என்கிறது செல்போன் மேப். சிங்கபெருமாள் கோவிலில் அது 6.50 ஆகிறது, மறைமலை நகர் தாண்டியதும் 6.53. ஊரப்பாக்கத்தை நெருங்கும்போது 6.56. இத்தனைக்கும் வண்டி எங்கும் நிற்கவே இல்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர், "சும்மா அடிச்சு விடுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்.

அடித்து விடவில்லை. அந்த எட்டு நிமிடமும் கணக்கில் வருகிற எட்டு நிமிடம்தான். அதற்கு முன், சாலையில் நெரிசல் இருப்பது மேப்புக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிடுவோம்.

கேமராவோ செயற்கைக்கோள் படமோ பார்த்துச் சொல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. உங்களுக்கு முன்னால் போகிறவர்களின் பாக்கெட்டில் இருக்கும் போன்கள்தான் சேதி சொல்கின்றன. இருப்பிடம் 'ஆன்' ஆக இருக்கும் போன், தான் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்பதை அவ்வப்போது அனுப்புகிறது. 2009இலேயே கூகுள் இந்த முறையை விளக்கி எழுதியது. யாருடைய பயணம் என்று தெரியாதபடி பெயர் நீக்கப்படும், பயணம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் அழிக்கப்படும் என்றும் அப்போது சொன்னது.

எல்லா வண்டியிலிருந்தும் தகவல் வர வேண்டியதில்லை என்பதுதான் இதில் ஆச்சரியம். 2008 பிப்ரவரி 8 அன்று கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகமும் நோக்கியாவும் சேர்ந்து நூறு கார்களில் நோக்கியா என்95 போன்களை வைத்து, மாணவர்களை ஓட்டவிட்டு, நெடுஞ்சாலை 880இல் நாள் முழுக்கச் சுற்ற வைத்தார்கள். சாலையில் ஓடும் வண்டிகளில் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை தகவல் அனுப்பினாலே நெரிசலின் படம் ஓரளவு சரியாகக் கிடைத்துவிடும் என்று தெரிந்தது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற அதே கதை.

ஆனால் வருகிற தகவல் அப்படியே உதவாது. திறந்த வெளியிலேயே ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளித்தான் காட்டும். வண்டலூர் மேம்பாலத்தின் மேலே பறக்கிற காரும் கீழே சிக்னலில் நிற்கிற காரும் அதற்கு ஏறக்குறைய ஒரே புள்ளிதான். அதனால் ஒரு புள்ளியை மட்டும் பார்க்காமல், அதற்கு முன்னும் பின்னும் வந்த புள்ளிகளைக் கோர்த்து, இந்த வண்டி எந்தச் சாலையில் வந்திருந்தால் இப்படி ஒரு கோடு விழும் என்று கணிக்கிறார்கள். அப்புறம் சாலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இப்போது இருக்கும் வேகத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் பஸ், டீக்கடை ஓரம் ஒதுங்கிய லாரி, சந்து பொந்தில் புகுந்து போகும் பைக் எல்லாம் இந்தக் கணக்கைக் கெடுக்கக்கூடியவை. அவற்றைப் பிரித்து எடுக்க வேண்டும்.

எப்போதும் பிரித்துவிட முடிவதில்லை. 2020இல் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர், பெர்லினில் 99 செல்போன்களை ஒரு சின்னக் கைவண்டியில் போட்டு இழுத்துக்கொண்டு நடந்தார். காலியாகக் கிடந்த தெரு மேப்பில் சிவப்பாகிவிட்டது. இந்தியா உட்படச் சில நாடுகளில் காரையும் பைக்கையும் பிரித்தறிவோம், கைவண்டி இன்னும் கைவரவில்லை என்று கூகுள் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது.

சரி, நம் எட்டு நிமிடத்துக்கு வருவோம். பெருங்களத்தூரில் சாலை திணறுகிறது, அதற்குப் பின்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக இப்படி எடுத்துக்கொள்ளலாம்: நிமிடத்துக்கு 66 வண்டிகள் வரிசையில் வந்து சேர்கின்றன, 50 வண்டிகள்தான் முன்பக்கம் வெளியேறுகின்றன. ஆக, நிமிடத்துக்கு 16 வண்டி மிச்சம். நீங்கள் பரனூரில் இருக்கும்போது மேப் பார்த்தது ஆறு மணி வரிசையை. நீங்கள் அதன் வாலைப் பிடிக்க 25 நிமிடம் ஆகிறது. அதற்குள் கூடுதலாக 400 வண்டிகள் உங்களுக்கு முன்னால் நின்றுவிட்டன. நிமிடத்துக்கு 50 வீதம் அவை வெளியேற எட்டு நிமிடம். 6.48 அப்படித்தான் 6.56 ஆனது. நீங்கள் தாமதமாகவில்லை, நீங்கள் வருவதற்குள் வரிசை நீண்டுவிட்டது. அந்த 400இல் பாதிப்பேர் உங்களை ஓவர்டேக் பண்ணிப் போனவர்களாகவே இருக்கலாம்.

இது மேப் செய்கிறவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் இப்போதைய வேகத்தை மட்டும் கூட்டிச் சொல்வதில்லை. பக்கத்துத் தூரத்துக்கு இப்போதைய நிலவரத்தையும், அரை மணி கழித்துப் போய்ச் சேரும் இடத்துக்கு 'வழக்கமாக ஞாயிறு ஆறரை மணிக்கு இங்கே எப்படி இருக்கும்' என்ற பழைய பதிவையும் கலக்கிறார்கள். 2020இல் கூகுளும் செயற்கை நுண்ணறிவு ஆய்வு நிறுவனமான டீப்மைண்டும் ஒன்றோடொன்று ஒட்டிய சாலைத் துண்டுகளைச் சேர்த்துப் பார்த்து, ஒன்றின் நெரிசல் அடுத்ததற்கு எப்படிப் பரவும் என்று கற்றுக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்ததாக அறிவித்தன. வழக்கமான ஞாயிற்றுக்கிழமை என்றால் எட்டு நிமிடத்தில் பெரும்பகுதியை முதலிலேயே சேர்த்துச் சொல்லிவிடலாம். பொங்கல் விடுமுறை முடிகிற ஞாயிறு வழக்கமான ஞாயிறு இல்லையே, அங்கேதான் சறுக்குகிறது. கொரோனா ஊரடங்கில் பழைய பதிவுகள் ஒரேயடியாகப் பயனற்றுப் போனபோது, கடைசி இரண்டு முதல் நான்கு வாரப் பதிவுகளுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும்படி கூகுள் மாற்ற வேண்டியிருந்தது.

நேரம் எப்படி மாறுகிறது என்பதை வைத்தே காரணத்தை ஊகித்துவிடலாம். மூன்று நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று மெல்ல ஏறினால், முன்னால் வரிசை வளர்கிறது. திடீரென்று பன்னிரண்டு நிமிடம் குதித்தால், விபத்தாக இருக்கலாம், இல்லை நீங்கள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டிருக்கலாம். விபத்தை மேப் உடனே பிடிக்காது: அடிபட்ட இடத்தைத் தாண்டியவர்கள் வேகமாகப் போய்க்கொண்டிருப்பார்கள், மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் அந்தத் துண்டைக் கடந்தே இருக்க மாட்டார்கள். நின்ற போன்கள் நாலைந்து சேர்ந்து, இது சிக்னல் இல்லை என்று உறுதியாகச் சில நிமிடம் தேவை. ரயில்வே கேட்டில் இது இன்னும் வேடிக்கை. கேட் மூடி, சாலை மேப்பில் சிவப்பாகும் நேரத்தில் ரயில் போய்க் கேட்டைத் திறந்துவிடுவார்கள். முன்னால் எங்கும் நெரிசலே இல்லாமல் நேரம் மட்டும் நழுவினால், மன்னிக்கவும், நீங்கள்தான் மற்றவர்களைவிட மெதுவாகப் போகிறீர்கள்.

கூடுவாஞ்சேரியில் ஓரம் கட்டி ஒரு டீ குடித்தாலும் இதே கணக்குதான். பத்து நிமிடம் நின்றால் பத்து நிமிடம்தானே போகும் என்று தோன்றும். வரிசை வளர்கிற வேளையில் அந்தப் பத்து நிமிடத்தில் இன்னும் 160 வண்டிகள் சேர்ந்துவிடும், அவை வெளியேற மூன்று நிமிடத்துக்கு மேல். அந்த டீயின் விலை பதின்மூன்று நிமிடம். அதுவே ஒன்பதரை மணிக்கு, வரிசை கரைகிற நேரமாக இருந்தால், பத்து நிமிடம் நின்று குடித்துவிட்டு ஏறும்போது அந்தப் பத்து நிமிடம்கூட முழுசாகத் தள்ளிப்போயிருக்காது.