அஷேர் யட்ஸார்: துளைகளைப் போற்றும் சொற்கள்

யூதப் பள்ளிகளிலும் ஜெப ஆலயங்களிலும் கழிவறைக்கு வெளியே, கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்துச் சுவரில், ஒரு சின்ன அட்டை இருப்பதைப் பார்க்கலாம். அதில் நாலைந்து வரி எபிரேய எழுத்து. சிறுநீரோ மலமோ கழித்துவிட்டு வெளியே வந்தவர் கையைக் கழுவி, அங்கேயே நின்று அதைச் சொல்வார். உள்ளே வைத்துச் சொல்லக்கூடாது. ஒரு நாளில் எத்தனை முறை போனாலும் அத்தனை முறையும் சொல்வது வழக்கம். அதற்குப் பெயர் ‘அஷேர் யட்ஸார்’.

தமிழில் சொன்னால் இப்படி வரும்: “எங்கள் இறைவனே, உலகின் அரசனே, போற்றி! மனிதனை அறிவோடு வனைந்தவர், அவனுள் துளை துளையாகவும் புழை புழையாகவும் படைத்தவர். இவற்றில் ஒன்று திறந்துகொண்டாலோ ஒன்று அடைத்துக்கொண்டாலோ, நாங்கள் பிழைத்திருந்து உம் முன் நிற்க முடியாது என்பது உமது மாட்சிமையின் அரியணை முன் வெளிப்படை. உடல்களையெல்லாம் குணமாக்கி, அதிசயமாய்ச் செய்பவரே, போற்றி!”

‘அஷேர்’ என்றால் ‘எவர்’ என்பதுபோல ஒரு இணைப்புச் சொல். தமிழில் தனியாக வராது, பெயரெச்சத்துக்குள் கரைந்துவிடும். ‘யட்ஸார்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆதியாகமம் 2:7-ல் கடவுள் மண்ணைக் கொண்டு மனிதனை உருவாக்கினார் என்ற இடத்தில் வரும் வினை இதுவே. இதே வேரிலிருந்து வரும் ‘யோட்ஸேர்’ என்ற சொல்லுக்குக் குயவர் என்று பொருள். தமிழ் பைபிள் ‘உருவாக்கி’ என்கிறது, தப்பில்லை. ஆனால் குயவர் பானை செய்வதற்கென்றே நம்மிடம் ‘வனைதல்’ என்ற சொல் இருக்கும்போது அதை விடுவானேன்? பானையின் பயன் அதன் உள்வெற்றிடத்தில் இருக்கிறது. இந்தப் போற்றியும் சதையை விட்டுவிட்டு வெற்றிடங்களைப் பற்றித்தான் பேசுகிறது.

‘நெகாவிம் நெகாவிம், ஹலூலிம் ஹலூலிம்’ என்பது மூலத்தின் ஓசை. நெகாவிம் துளைகள், ஹலூலிம் உள்ளே கூடாக இருப்பவை: இரைப்பை, குடல், சிறுநீர்ப்பை மாதிரி. இரட்டித்துச் சொல்வது எண்ணிக்கையின் மிகுதியைக் காட்ட. நாமும் ‘துளை துளையாக’ என்று அப்படித்தானே சொல்கிறோம்! இரண்டாவதற்குப் ‘புழை’ பொருந்தும். யானையின் தும்பிக்கையைப் ‘புழைக்கை’ என்று சொன்ன மொழி நம்முடையது.

இன்னொன்று. அரியணைக்கு மூலத்தில் உள்ள சொல் ‘கிஸே’, அதாவது நாற்காலி. கழிவறைக்கு எபிரேயத்தில் ‘பேத் ஹகிஸே’, நாற்காலி வீடு என்றே பெயர். இரண்டுக்கும் ஒரே சொல். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவர் இந்த நாற்காலியின் முன் நின்று பேசுகிறார்.

‘பெராகா’ என்ற இந்த ஜெப வகைக்குத் தமிழில் ‘ஆசி’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. ஆசி பெரியவர் சிறியவருக்குத் தருவது. மேலிருந்து கீழே வரும். இங்கே மனிதன் கடவுளை நோக்கிச் சொல்கிறான். ‘போற்றி’ என்பதே பொருத்தம்.

இந்த வாசகம் யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த நூலான பாபிலோனிய தால்மூதில், பெராகோத் பகுதியின் 60-ஆம் ஏட்டில், 4-ஆம் நூற்றாண்டு அறிஞர் அபாயேயின் பெயரில் இருக்கிறது. முடிவு வரியை எப்படிச் சொல்வது என்று அங்கேயே ஒரு வாதம் நடக்கிறது. ‘நோயாளிகளைக் குணமாக்குபவர்’ என்று முடிக்கச் சொன்னார் ராவ் என்றே அழைக்கப்பட்ட அறிஞர். ‘அப்படியானால் உலகத்தில் எல்லோரையும் நோயாளி ஆக்கிவிட்டீரே!’ என்று மறித்தார் ஷ்முவேல். அவர் மருத்துவமும் அறிந்தவர். ‘உடல்களையெல்லாம் குணமாக்குபவர்’ என்று மாற்றினார். அப்புறம் ராவ் ஷேஷெத், ‘அதிசயமாய்ச் செய்பவர்’ என்றார். ராவ் பாப்பா, இரண்டையும் சேர்த்தே சொல்லலாம் என்று முடித்தார். இன்றும் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

ஷ்முவேலின் திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தது. சிறுநீர் அடைத்துத் துடித்தவருக்கு மட்டுமான நன்றியாக இருந்திருந்தால், அவர் குணமான அன்றோடு அந்த வார்த்தை தீர்ந்திருக்கும். ‘எல்லா உடலும்’ என்றதால், ஒரு வலியும் இல்லாமல் போய்வந்த பத்து வயதுப் பிள்ளையும் சொல்ல வேண்டியதாகிறது.

சரி, அதில் அதிசயம் எது? 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த தால்மூத் உரையாசிரியர் ராஷி இதற்கு ஒரு தோல்பையைக் காட்டுகிறார். காற்று நிரப்பிய தோல்பையில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் காற்று நில்லாது. மனித உடலும் ஒரு தோல்பைதான், அதில் எத்தனையோ ஓட்டைகள். ஆனாலும் உள்ளே இருக்கும் மூச்சு வெளியேறிவிடாமல் தங்கியிருக்கிறது.