எல்லாவற்றையும் கொடியேற்றத்தன்றே திறக்கச் சொல்லாதீர்கள்

போன வாரம் ஒரு கடை முதலாளி, கொப்பியில் இருந்து கிழித்த தாள் ஒன்றை என் மேசையில் விரித்து வைத்தார். ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, கறித்தூள், நல்லெண்ணெய் விற்பவர். தன் கடைக்கு நான் செய்து தர வேண்டிய இணையத்தளத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று தாளில் பதினொரு வரிகள் இருந்தன. பொருட்களின் படமும் விலையும், வங்கி அட்டையில் பணம் கட்டும் வசதி, கூப்பன், வாடிக்கையாளர் கணக்கு, வாங்க வாங்கச் சேரும் புள்ளிகள், இரண்டு கடைகளின் கையிருப்பும் தானாகக் குறைவது, குறுஞ்செய்தி, கைபேசிச் செயலி என்று நீண்டது பட்டியல். அடியில் இரண்டு கோடு இழுத்து எழுதியிருந்தார்: "எல்லாம் நல்லூர்க் கொடியேற்றத்தன்று திறக்க வேண்டும்."

இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த நான்காவது தாள் இது. ஒவ்வொரு முறையும் நேரில் விளக்கிக் களைத்துவிட்டேன். இந்த முறை எழுதியே அனுப்பினேன். அந்தக் கடிதத்தைக் கீழே தருகிறேன். இணையத்தளம் செய்விக்க நினைக்கும் எல்லாக் கடைக்காரரும் வாசிக்க வேண்டும் என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு தவறான எண்ணத்தைத் தீர்த்துக்கொள்வோம். "கட்டம் கட்டமாகத் திறப்போம்" என்று நான் சொன்னவுடனே, "அப்படியென்றால் வேலை முடியவில்லை என்கிறீர்கள்" என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டார்: "தம்பி, கட்டி முடியாத வீட்டில் குடிபூரச் சொல்கிறீரா?"

இல்லை. கூரை இல்லாத வீட்டில் யாரையும் குடிபூரச் சொல்லவில்லை. முதற்கட்டமாகத் திறப்பது தன்னளவில் முழுமையானது. வருகிறவர் பொருளைப் பார்ப்பார், விலையை அறிவார், வாங்குவார். அதில் அரைகுறை எதுவும் இருக்காது. நாம் வளவு வாங்கியதும் என்ன செய்கிறோம்? முதலில் கிணறு வெட்டுகிறோம். தண்ணீர் நன்னீரா உவரா என்று பார்க்கிறோம். அந்தத் தண்ணீரில்தான் பிறகு சீமெந்து குழைக்கிறோம். கிணற்றைப் பார்த்து அரைகுறை வீடு என்று யாரும் சொல்வதில்லை. தண்ணீர் உவர் என்பது ஐந்து அறையும் கட்டி முடித்த பிறகுதான் தெரிய வந்தால் என்ன ஆகும் என்று யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது எண்ணம், பதினொரு வசதிகளென்றால் பதினொரு முறை சோதித்தால் போதும் என்பது. ஒவ்வொன்றும் தனியாக நன்றாகவே ஓடும். அவை ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் உடையும். ஆறு வசதிகள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேரும் இணைகள் மட்டும் 15. மூன்று மூன்றாகச் சேர்வதைக் கணக்கில் எடுத்தால் இன்னும் 20. இதைச் சொன்னால் பயமுறுத்துகிறேன் என்கிறார்கள். ஆகவே நடந்த ஒன்றையே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பரிசுப் பொருட்களும் பலகாரமும் விற்கும் ஒரு கடைக்கு நாங்கள் இணையத்தளம் செய்தோம். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் அங்கிருந்து பணம் கட்டுவார்கள், பொருள் இங்கே பெற்றோரின் வீட்டுக்குப் போகும். முதலாளி விரும்பியபடி அட்டைக் கொடுப்பனவு, கூப்பன், வீட்டு விநியோகம், கையிருப்பு, குறுஞ்செய்தி எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்தோம். சம்மதித்தது என் தவறு.

இரண்டாம் நாள் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. பணம் போய்விட்டது, ஆனால் ஓடர் இரத்து என்று செய்தி வருகிறது. சிலர் மீண்டும் கட்டியிருந்தார்கள். இரண்டாவது முறையும் பணம் போயிற்று, ஓடர் இரத்தாயிற்று. வங்கிக் கணக்கில் வரவு இருக்கிறது, கடையின் பட்டியலில் ஓடர் இல்லை.

வங்கியைச் சந்தேகித்தோம். பிறகு குறுஞ்செய்தியை. பிறகு கையிருப்பை. மூன்று நாட்கள் இரவு பகலாகத் தேடினோம். கடைசியில் தோல்வியுற்ற ஓடர்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. எல்லாவற்றிலும் கூப்பனும் இருந்தது, விநியோகக் கட்டணமும் இருந்தது. கூப்பன் போட்டுக் கடைக்கே வந்து எடுத்தவர்களுக்குச் சிக்கல் இல்லை. கூப்பன் இல்லாமல் வீட்டுக்கு வரவழைத்தவர்களுக்கும் இல்லை.

கணக்கு இதுதான். பொருள் 8,400 ரூபா, விநியோகம் 600 ரூபா, கூப்பன் 10 வீதம். தளத்தின் ஓடர்ப் பகுதி பொருளுக்கு மட்டும் கழிவு கொடுத்து, 7,560 உடன் 600 சேர்த்து 8,160 என்று பதிந்தது. வங்கிக்குத் தொகை அனுப்பும் பகுதி இரண்டையும் கூட்டி 9,000 ஆக்கி, அதில் கழித்து 8,100 என்று அனுப்பியது. வாடிக்கையாளரின் அட்டையில் 8,100 எடுக்கப்பட்டது. வங்கி அதை உறுதிசெய்து செய்தி அனுப்பியபோது நம் தளம் 8,160 உடன் ஒப்பிட்டது. பொருந்தவில்லை. யாரோ தொகையை மாற்றி ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணி ஏற்க மறுத்தது. (அந்தப் பாதுகாப்புச் சோதனை சரியானதுதான். அதை நீக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.) முப்பது நிமிடம் கழித்துக் கையிருப்புப் பகுதி, "பணம் வரவில்லை" என்று பொருளை விடுவித்தது. உடனே குறுஞ்செய்திப் பகுதி "இரத்து" என்று அறிவித்தது.

தவறு 60 ரூபா. அந்த 60 ரூபாவைக் கண்டுபிடிக்க மூன்று நாட்கள். காரணம், ஐந்து வசதிகளும் ஒரே நாளில் பிறந்தவை. எதன்மீதும் நம்பிக்கை வைத்து விலக்க முடியவில்லை. அட்டைக் கொடுப்பனவு மூன்று வாரம் தனியே ஓடி, திங்கட்கிழமை கூப்பனைத் திறந்து, செவ்வாய்க்கிழமை முறைப்பாடு வந்திருந்தால் எங்கே பார்ப்பது என்று சிறுபிள்ளையும் சொல்லும்.

இனி, நான் அனுப்பிய கடிதம்.

"வணக்கம் ஐயா. நீங்கள் தந்த பதினொன்றையும் செய்து தருவேன். எதையும் நீக்கவில்லை. திறக்கும் ஒழுங்கை மட்டும் மாற்றக் கேட்கிறேன்.

கொடியேற்றத்துக்கு இரண்டு வாரம் முன்பே முதற்கட்டத்தைத் திறப்போம். பொருள், படம், நிறை, விலை, விநியோகம் செய்யும் ஊர்கள், உங்கள் வட்ஸ்அப் இலக்கத்துக்கு ஓடர் அனுப்பும் பொத்தான். பணத்தைப் பொருள் கையில் கிடைக்கும்போது வாங்கலாம், அல்லது வங்கியில் வைப்பிலிடச் சொல்லலாம். திருவிழாவின் 25 நாளும் நீங்கள் வியாபாரம் செய்யலாம். எந்தப் பொருளைக் கேட்கிறார்கள், எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் கட்டம் அட்டைக் கொடுப்பனவு. இதன் திகதி என் கையில் இல்லை. வியாபாரப் பதிவுச் சான்றிதழை வாங்கும் வங்கி, அனுமதி தருமுன் பெரும்பாலும் தளத்தையும் திறந்து பார்க்கும். பொருளும் விலையும் பணம் திருப்பிக் கொடுக்கும் விதிமுறையும் அதில் இருக்க வேண்டும். ஆகவே முதற்கட்டம் திறக்காமல் இரண்டாம் கட்டம் வராது. திறந்த பின், முதல் 40 கொடுப்பனவுகளையும் உங்கள் வங்கிக் கூற்றுடன் ஒவ்வொரு மாலையும் ஒப்பிடுவோம். நாற்பதும் சதம் பிசகாமல் பொருந்தினால்தான் அடுத்ததற்குப் போவோம்.

மூன்றாம் கட்டம் கூப்பன். நான்காவது கையிருப்பும் குறுஞ்செய்தியும். கணக்கும் புள்ளிகளும் அதன் பிறகு. செயலியைக் கடைசியாகப் பேசுவோம். வருகிறவர்களில் எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்று தெரியாமல் அதற்குக் காசு கொட்ட வேண்டாம்.

ஒவ்வொரு வசதிக்கும் ஓர் ஆளி வைப்பேன். ஏதாவது பிசகினால் அதை மட்டும் அணைக்கலாம். கடை மூடப்படாது.

கட்டணத்தையும் கட்டத்துக்குக் கட்டம் தாருங்கள். ஒரு கட்டம் சரியாக ஓடுவதை நீங்கள் பார்த்த பிறகு அதற்குரிய பணம். முழுவதையும் முன்கூட்டித் தர வேண்டாம்."

ஆளி என்று நான் சொல்வது மந்திரமல்ல. தளத்தின் அமைப்புக் கோப்பில் இப்படிச் சில வரிகள்:

```
card_payment = on
coupon = off
points = off
```

`on` என்பதை `off` ஆக்க ஒரு நிமிடம் போதும். அன்றைக்கு எங்களிடம் இது இருந்திருந்தால் கனடாவில் ஒருவர் இரண்டு முறை பணம் கட்டியிருக்க மாட்டார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டம் கட்டமாகத் திறப்பது வேறு, கட்டம் கட்டமாகச் சொல்வது வேறு. உங்கள் மனத்தில் இருக்கும் அத்தனையையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சில விடயங்களை அத்திவாரத்தில் போடாவிட்டால் பிறகு இடித்துத்தான் போட வேண்டும். தொலைபேசி இலக்கத்தை 07 என்று தொடங்கும் பத்து இலக்கமாக மட்டும் ஏற்கும்படி தளத்தைச் செய்துவிட்டால், ஆறு மாதம் கழித்து +1, +44 என்று தொடங்கும் இலக்கத்தோடு வரும் உங்கள் பிள்ளையால் ஓடர் போட முடியாது. கறித்தூள் 250 கிராமிலும் 500 கிராமிலும் ஒரு கிலோவிலும் வரும் என்பதைப் பிறகு சொன்னால் விலைப்பட்டியலின் அமைப்பையே மாற்ற வேண்டும்.

விலைப்பட்டியலைப் பற்றிப் பேசும்போது ஒரு கெஞ்சல். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பாதீர்கள். உங்கள் கணினியில் யாழ்ப்பாணம் என்று தெரிவது தளத்தில் `aho;g;ghzk;` என்று வந்து நிற்கும். யுனிகோடில் தாருங்கள். முடியாவிட்டால் கையால் எழுதித் தாருங்கள், நாங்கள் தட்டச்சு செய்கிறோம். முதற்கட்டம் தாமதமாவதற்குப் பெரும்பாலும் இதுவும் பொருட்களின் படங்கள் வராததுமே காரணம்.

தளத்தில் இல்லாத வசதியை நோட்டீஸில் அச்சிடாதீர்கள். திருவிழாவுக்கு முந்தைய வாரத்தில் புதிதாக எதையும் திறக்கக் கேட்காதீர்கள். ஆட்கள் கூடும் நாளில் சோதிப்பது வாடிக்கையாளரை வைத்துச் சோதிப்பது. புதிய வசதியை வார நடுவில், காலையில் திறவுங்கள். வெள்ளி மாலை திறந்தால் சனி ஞாயிறில் வங்கியில் பேச ஆளிருக்காது. "எல்லாவற்றையும் ஒரே நாளில் தருகிறேன்" என்று வேறொருவர் சொன்னால், கூப்பனையும் விநியோகக் கட்டணத்தையும் சேர்த்துப் போட்ட ஓர் ஓடரை, பணம் கட்டி முடிக்கும்வரை உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். உங்கள் பட்டியலில் இருக்கும் தொகையையும் வங்கியில் விழும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடிதம் கிடைத்த மறுநாள் அந்த ஐயா தொலைபேசியில் பேசினார். கோபம் தணிந்திருந்தது, ஆனால் கேள்வி இருந்தது.

"கூப்பன் தைப்பொங்கலுக்கு வந்துவிடுமா தம்பி?"

"நாற்பது கொடுப்பனவுகளும் பொருந்தினால் வரும் ஐயா. திகதியை என்னிடம் கேட்காதீர்கள், உங்கள் வங்கிக் கூற்றைப் பாருங்கள்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பொருட்களின் படங்களை எந்த வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று கேட்டார். காலையில், முற்றத்தில், வெள்ளைத் துணி விரித்து எடுக்கச் சொன்னேன்.