அது இல்லை, இன்னொன்று

மதுரையில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டு அத்தைக்கு நான்கு படங்கள் அனுப்பினேன். நான்கும் சுங்குடிப் புடவைகள். முதலாவது மாம்பழ மஞ்சள், இரண்டாவது அரக்கு. மூன்றாவது பச்சையில் அரக்குக் கரை போட்டது. நான்காவதும் பச்சைதான், கரை மட்டும் மயில்கழுத்து நிறம். அத்தையோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் ஓய்வு பெறுகிறார், அவருக்குக் கொடுக்க.

"மஞ்சள் வேண்டாம், அவரிடம் இருக்கிறது. பச்சை நன்றாக இருக்கிறது. கொஞ்சம் இரு, யோசித்துச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது. கடைக்காரர் அடுத்த ஆளுக்குப் புடவை விரிக்கத் தொடங்கிவிட்டதால் நான் பொறுக்கவில்லை. மூன்றாவது படத்தை மட்டும் தனியாக அனுப்பி, "இதை எடுத்துவிடவா?" என்று கேட்டேன். உடனே பதில்: "அது இல்லை, இன்னொன்று."

நான் நான்காவதை வாங்கினேன். அது தவறான புடவை என்று மறுநாள் தெரிந்தது. ஆனால் நான் போட்ட கணக்கில் பிழை இல்லை என்று இன்றும் சாதிப்பேன். அத்தையின் கணக்கிலும் பிழை இல்லை. இரண்டு சரியான கணக்குகள் எப்படி இரண்டு வேறு புடவைகளில் போய் நின்றன என்பதுதான் விஷயம்.

இன்னொன்று என்ற சொல் செய்வது ஒரு கழித்தல். பேச்சில் இருக்கும் பொருள்களிலிருந்து, இப்போது சுட்டிய ஒன்றை எடுத்துவிடு, மிஞ்சுவதைப் பார். பொருள்கள் இரண்டே என்றால் மிஞ்சுவது ஒன்றுதான், குழப்பத்துக்கு வழியே இல்லை. ஆற்றுக்குக் கரை இரண்டு, அதனால் மறுகரை என்றால் யாரும் "எந்தக் கரை?" என்று கேட்பதில்லை. மறுபக்கம், மறுமுனை எல்லாம் இப்படித்தான். அதே 'மறு' இரண்டுக்கு மேற்பட்டவை வரிசையாக நிற்கும் இடத்தில் வந்தால் வேறு வேலை செய்கிறது: மறுநாள் என்பது மிச்சமிருக்கும் நாள்களில் ஏதோ ஒன்றல்ல, ஒட்டி வரும் அடுத்த நாள். மிச்சம் பலவாக இருக்கும்போது மொழி ஏதாவதொரு வழியில் அதை ஒன்றாகக் குறுக்கப் பார்க்கிறது.

தமிழில் இந்த வேலைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. துணிக்கடையிலேயே அவற்றின் வேறுபாட்டைப் பார்க்கலாம். "வேறு காட்டுங்கள்" என்றால் கடைக்காரர் விரித்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிய கட்டைப் பிரிப்பார். "மற்றதைக் காட்டுங்கள்" என்றால் ஏற்கெனவே விரித்தவற்றுக்குள்தான் தேடுவார். "இன்னொன்று" இரண்டுக்கும் நடுவில் நிற்கும் சொல். இன்னொரு இட்லி என்றால் எந்த இட்லியும் ஆகும். இன்னொரு கை என்றால் ஒரே ஒரு கைதான். எந்தப் பொருளில் சொல்லப்பட்டது என்பதைச் சொல்லிலிருந்து எடுக்க முடியாது, சூழலிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இந்த இடத்தில் வரும் 'the' என்ற சுட்டிடைச்சொல் 'உனக்கும் தெரிந்த அந்த ஒன்று' என்று காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு அந்த வசதி இல்லை.

இதை முதலில் கவனித்தவர்கள் இக்கால மொழியியலாளர்கள் என்று நினைத்திருந்தேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் இடையியலில் இதற்கென்றே ஒரு நூற்பா இருக்கிறது:

மற்றையது என்னும் கிளவி தானே
சுட்டுநிலை ஒழிய இனங்குறித் தன்றே

சுட்டிய பொருளை விட்டுவிட்டு, அதன் இனத்தைச் சேர்ந்த பிறிதைக் குறிக்கும் என்பது பொருள். உரையாசிரியர் சேனாவரையர் இதற்குத் தரும் எடுத்துக்காட்டும் துணிதான். ஒருவன் ஆடை கொண்டுவருகிறான். அந்த ஆடை வேண்டாதவன் "மற்றையது கொணா", அதாவது மற்றதைக் கொண்டுவா என்கிறான். அது சுட்டிய ஆடையை ஒழித்து, அதற்கு இனமான பிற ஆடையைக் குறிக்கிறது என்கிறார். கூர்ந்து பார்த்தால் நூற்பாவில் எண்ணிக்கை இல்லை. பெட்டியில் இரண்டு ஆடைகள் இருந்தனவா, பத்து இருந்தனவா என்று உரையும் சொல்லவில்லை. சொல் உறுதி தருவது இனத்தை மட்டும்: கொண்டுவர வேண்டியது ஆடை, செருப்பு அல்ல. எந்த ஆடை என்பது கேட்பவன் பாடு. இனம் என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னை மாட்டிவிட்டது அதுதான்.

கேட்பவன் என்ன செய்கிறான்? நான்கில் ஒன்று கழிந்தால் மூன்று மிச்சம். ஆனால் எதிரில் இருப்பவர் "இன்னொன்று" என்று ஒருமையில், விளக்கம் எதுவும் சேர்க்காமல் சொல்கிறார். அவர் அசட்டையாகப் பேசவில்லை என்று நம்பினால் ஒரே முடிவுதான் உண்டு: அவர் மனதில் இப்போது இரண்டுதான் இருக்கின்றன. ஆகவே நான் தேட வேண்டியது புடவையை அல்ல, அந்த இணையை. இணை கிடைத்துவிட்டால் புடவை தானாகக் கிடைக்கும்.

இணையைக் கண்டுபிடிக்கச் சில தடயங்கள் உதவும். ஏற்கெனவே வேண்டாம் என்று சொன்னவை கழிந்துவிடும். பாராட்டியவை உள்ளே நிற்கும். ஒன்றோடொன்று ஒத்திருந்து ஒரே ஒரு கூறில் வேறுபடுபவை இணையாகத் தோன்றும். நான் போட்ட கணக்கு இது: மஞ்சள் கழிந்தது. பச்சை பிடித்திருக்கிறது. பச்சை இரண்டு, மூன்றாவதும் நான்காவதும். மூன்றாவது இல்லை என்றால் நான்காவது. இதில் எங்கே ஓட்டை?

ஓட்டையைக் காண "இல்லை" என்ற சொல்லுக்குப் போக வேண்டும். உரையாடல் ஆய்வாளர் எமானுவேல் ஷெக்லாஃப் 1992இல் எழுதிய ஒரு கட்டுரையில் இத்தகைய திருத்தத்தை மூன்றாம் இடத்துத் திருத்தம் என்று பிரித்துக் காட்டினார். முதல் இடத்தில் ஒருவர் ஏதோ சொல்கிறார். இரண்டாம் இடத்தில் மற்றவர் அதற்குத் தரும் பதிலில் அவர் தவறாகப் புரிந்துகொண்டது வெளிப்படுகிறது. மூன்றாம் இடத்தில் முதலாமவர் அதைத் திருத்துகிறார். இங்கே அத்தையின் "பச்சை நன்றாக இருக்கிறது" முதலாவது, என் "இதை எடுத்துவிடவா?" இரண்டாவது, "அது இல்லை" மூன்றாவது. ஆகவே அந்த 'இல்லை' ஒரு புடவையை மட்டும் தள்ளவில்லை, நான் புரிந்துகொண்ட விதத்தையே தள்ளுகிறது. நானோ என் புரிதலை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள்ளேயே அடுத்த புடவையைத் தேடினேன்.

என்ன தவறாகப் புரிந்துகொண்டேன்? நான் எண்ணியது புடவைகளை. அத்தை எண்ணியது நிறங்களை. அவருக்கு மஞ்சள், அரக்கு, பச்சை என்று மூன்றே இருந்தன. மஞ்சள் போனது. "யோசித்துச் சொல்கிறேன்" என்றது பச்சையா அரக்கா என்ற யோசனை. நான் பச்சையை நீட்டியதும் அது இல்லை என்றார். மிஞ்சியது அரக்கு, இரண்டாவது படம். அவர் கணக்கில் உண்மையிலேயே இரண்டில் ஒன்றைக் கழித்திருக்கிறார், ஆகவே "இன்னொன்று" துல்லியமான சொல். நான் 'இனம்' என்றால் பச்சைப் புடவை என்று வைத்துக்கொண்டேன். அவர் அந்தப் பச்சை முழுவதையும் ஒரே உருப்படியாகக் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டார்.

தடயம் இல்லாமலும் இல்லை. அவருடைய செய்திகளில் கரை என்ற சொல் ஒரு முறைகூட வரவில்லை. வந்ததெல்லாம் நிறத்தின் பெயர்கள். கடையில் நிற்கும் எனக்கு மயில்கழுத்துக் கரை கண்ணைப் பறித்தது. கைபேசித் திரையில் தீப்பெட்டி அளவு படத்தில் பார்ப்பவருக்கு அது ஒரு கோடு. எதிராளி எந்தக் கூறைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கிறார் என்பதை அவர் பயன்படுத்தும் சொற்களே காட்டும். நான் காட்டிய பொருள்களை எண்ணினேனே தவிர அவர் சொன்ன சொற்களை எண்ணவில்லை.

எழுத்து உரையாடலில் இன்னொரு வினையும் உண்டு, என் வழக்கில் அதிலிருந்து தப்பித்தேன். "இதுவா?" என்று ஒரு படம் அனுப்பி, அதே மூச்சில் "அல்லது இதுவா?" என்று அடுத்ததையும் அனுப்புகிறோம். அந்த இடைவெளியில் மறுபுறம் தட்டச்சு செய்துகொண்டிருந்த "அது இல்லை" இரண்டாவது படத்துக்குக் கீழே வந்து உட்கார்கிறது. நேர்ப்பேச்சில் பதில் பெரும்பாலும் கேள்வியை ஒட்டி வரும், விரல் நீட்டவும் முடியும். இங்கே வரிசை பொய் சொல்லும். செய்தியைப் பிடித்து இழுத்து அதற்கே பதில் எழுதும் வசதி இந்தக் கோளாறைத் தீர்க்கும். அது எதற்கு 'இல்லை' என்பதைத்தான் தீர்க்கும். 'இன்னொன்று' எது என்பதை அல்ல.

அதைத் தீர்க்கக் கேட்கத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதில் மனிதர்கள் வியக்கத்தக்க அளவு ஒத்துப்போகிறார்கள். மொழியியலாளர் மார்க் டிங்கமான்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வில், லாவோ, ஐஸ்லாந்தியம் உட்பட 12 மொழிகளின் அன்றாடப் பேச்சைப் பதிவுசெய்து பார்த்தார்கள். சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது "என்ன?", "யார்?", "அவரா?" என்று நிறுத்திக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்பவர்கள் தங்களால் முடிந்த அளவு குறிப்பாகக் கேட்கிறார்கள். ஓர் ஊகம் இருந்தால் வெறும் "என்ன?" என்று கேட்காமல் ஊகத்தையே நீட்டி உறுதி செய்துகொள்கிறார்கள். தானே ஒரு வேலையைச் செய்து, எதிராளியின் வேலையைக் குறைப்பது இது.

என் வழக்கில் "எது?" என்று கேட்டிருந்தால் "அதுதான், நான் சொன்னேனே" என்று வந்திருக்கும். "நான்காவதா?" என்பதும் பயன்படாது, அவர் திரையில் எது நான்காவது, எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியாது. சுட்டும் சொல்லும் எண்ணும் விட்டு, ஊகத்தைப் பெயர் சொல்லி நீட்டியிருக்க வேண்டும்: "மயில்கழுத்துக் கரை போட்ட பச்சைதானே?" இதற்கு ஆமாம் என்றும் சொல்லலாம், ஆனால் அதன் அருமை வேறு. நான் எந்தக் கூறைக் கொண்டு பிரிக்கிறேன் என்பதை அது அத்தைக்குக் காட்டிவிடும். கரையா, எந்தக் கரை என்று அவர் திகைத்திருந்தால் அந்தத் திகைப்பே எனக்குப் பதில்.

கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார். அரக்குப் புடவையோடு வெளியே வந்து அத்தையைத் தொலைபேசியில் அழைத்து, பச்சையிலேயே இரண்டு அனுப்பியிருந்தேனே, நான் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன்.

"இரண்டு பச்சையா? ஒரே புடவையை இரண்டு முறை படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய் என்று அல்லவா நினைத்தேன்" என்றார்.