வெண்கலம் வீங்கிக் காட்டும், வார்ப்பிரும்பு காட்டாது

போன பங்குனியில் பெரியவர் ஒருவர் எங்கள் பவுண்டரிக்கு ஒரு இரும்புக் குழாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். முழங்கை நீளம், தடித்த வார்ப்பிரும்பு, ஒரு முனை அடைப்பு, அடைப்புக்குப் பக்கத்தில் திரி வைக்க ஒரு துளை. கோயில் திருவிழாவில் கருமருந்து கெட்டித்து வேட்டுப் போடுகிற குழாய். "இதே மாதிரி நாலு வார்த்துக் குடுங்க தம்பி, இன்னும் கொஞ்சம் தடிமனா இருந்தாப் பரவால்ல" என்றார். முடியாது என்றேன். "முப்பது வருஷமா இதுலதான் போடறோமுங்க, ஒண்ணும் ஆகல" என்றார்.

அந்த முப்பது வருஷம்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று அவருக்குச் சொல்ல, பழைய பீரங்கிக் கதையைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு பக்கம் மூடிய குழாய்க்குள் மருந்து எரிந்தால், வாயு எல்லாப் பக்கமும் தள்ளும். குண்டு முன்னால் ஓடும். சுவர் சுற்றளவு வாக்கில் இழுபடும். நீளவாக்கில் வரும் இழுப்பைவிடச் சுற்றுவாக்கில் வருவது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால்தான் அதிகம் வெந்த மரவள்ளிக்கிழங்கு மாதிரி, குழாய்கள் நீளவாக்கில் பிளக்கின்றன. முதலில் மருந்து எரிவது அடிப்பகுதியில் என்பதால் அழுத்தம் உச்சத்தில் இருப்பதும் அங்கேதான், பிளவு தொடங்குவதும் பெரும்பாலும் அங்கேதான்.

சரி, தடிமனைக் கூட்டினால்? இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சுவரின் தடிமன் துளையின் விட்டத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அழுத்தம் 100 என்றால், துளையை ஒட்டிய உலோகம் 125 அளவுக்கு இழுபடும், வெளித்தோல் வெறும் 25-க்குத்தான் இழுபடும். அதாவது உள்தோல் சாகும்போதும் வெளித்தோல் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. சுவரை எவ்வளவு தடித்தாலும் உள்தோலின் இழுப்பு 100-க்குக் கீழே இறங்காது. எடைதான் கூடும்.

ஆரம்பத்தில் பெரிய பீரங்கிகளை வார்க்க வழியில்லாதவர்கள், பீப்பாய் செய்கிற முறையில் செய்தார்கள். நீளமான இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, சூடாக்கிய வளையங்களை மேலே மாட்டி, ஆறும்போது வளையம் சுருங்கி இறுக்கிப் பிடிக்கும். ஆங்கிலத்தில் பீப்பாய்க்கும் பீரங்கிக் குழாய்க்கும் ஒரே சொல் வந்தது இப்படித்தான் என்பார்கள். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் அந்தப் பெரிய பீரங்கியும் வார்த்ததல்ல, பட்டையும் வளையமுமாகக் கொல்லர்கள் அடித்துச் சேர்த்தது. இந்த முறையில் ஒரு வளையம் நழுவினாலோ, ஒரு அடிப்பு சரியாகப் பிடிக்காவிட்டாலோ அங்கே வாயு புகுந்துவிடும். 1460-இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ், தன் பீரங்கி சுடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அது வெடித்துச் சிதறியதில் ஒரு துண்டு தொடையில் பட்டு இறந்தார். வயது 29. எடின்பரோ கோட்டையில் இருக்கும் மான்ஸ் மெக் பீரங்கியின் உடைந்த வளையங்களை இன்றும் பார்க்கலாம். அது போரில் உடையவில்லை, மரியாதை வேட்டு போடும்போது உடைந்தது.

வெண்கலம் வேறு மாதிரி. மணி வார்ப்பவர்களுக்குக் கைவந்த உலோகம் அது. ஆனால் மணிக்குப் போடுகிற அளவு ஈயம் (வெள்ளீயம்தான்) போட்டால் உடையும், அதனால் பீரங்கிக்குப் பத்தில் ஒரு பங்கோடு நிறுத்தினார்கள். அச்சைக் குழிக்குள் நிறுத்தி, அடிப்பகுதி கீழே, வாய் மேலே இருக்கும்படி ஊற்றினார்கள். வாய்க்கு மேலே இன்னும் ஒரு முண்டம் உலோகம் சேர்த்து ஊற்றுவார்கள். எங்கள் கடையில் அதை ரைசர் என்கிறோம். உலோகம் ஆறிச் சுருங்கும்போது கீழே குறைவதை மேலிருந்து நிரப்பவும், அழுக்கும் வாயுவும் மேலே மிதந்து வரவும் அது வேண்டும். பிறகு அறுத்து எறிந்துவிடலாம். துளை விழுவதற்காக அச்சின் நடுவில் களிமண் தண்டு, அதாவது கோர், வைத்தால் அது ஊற்றும்போது அசையும், ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். 18-ஆம் நூற்றாண்டில் கெட்டியாக வார்த்துவிட்டு, பீரங்கியையே சுழற்றித் துளை போடும் மரிட்ஸ் குடும்பத்தின் எந்திரம் வந்த பிறகுதான் இந்தத் தலைவலி குறைந்தது.

இத்தனை இருந்தும் வெண்கலத்துக்கு ஒரு நல்ல குணம், அது இழுபடும். தாங்க முடியாதபோது முதலில் வீங்கும், திரித் துளை தேய்ந்து அகலும், மேலே கீறல் தெரியும். பீரங்கிக்காரன் பார்த்துவிட்டு ஒதுக்கி வைக்கலாம், உருக்கி மறுபடி வார்க்கலாம்.

ஆனால் விலை. 1543-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், பக்ஸ்டெட் என்ற ஊரில் ரால்ஃப் ஹாக் பீரங்கியை முழுதாக வார்ப்பிரும்பில் வார்த்தது அதற்குத்தான் விடை. பல மடங்கு மலிவு. கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். வார்ப்பிரும்பின் உள்ளே கரி, செதில் செதிலாகக் கிடக்கும். ஒவ்வொரு செதிலும் தயாராக இருக்கிற ஒரு விரிசல். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் நூற்றில் ஒரு பங்குகூட நீளாமல் முறியும். வீக்கம் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. நேற்று சுட்ட பீரங்கி, அதே மருந்தளவில் இன்று துண்டுதுண்டாகும்.

பரிசோதிக்காமல் இல்லை. வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள், கண்ணாடியால் வெயிலைத் துளைக்குள் திருப்பிப் பார்ப்பார்கள், தண்ணீரை அழுத்தி எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். சிக்கல் என்னவென்றால், அந்த அதிக மருந்துச் சோதனையே உள்ளே ஒரு மயிரிழை விரிசலை உண்டாக்கிவிட்டு, பீரங்கியைத் தேர்ச்சி பெற வைத்துவிடலாம். அதன்பின் ஒவ்வொரு வேட்டும் அந்தக் கீறலைக் கொஞ்சம் நீட்டும்.

இன்னொரு ரகசியமும் இருந்தது, அது 19-ஆம் நூற்றாண்டில்தான் பிடிபட்டது. கெட்டியாக வார்த்த இரும்பு வெளியிலிருந்து ஆறுகிறது. வெளித்தோல் முதலில் இறுகிவிட, உள்ளே இருப்பது பிறகு சுருங்கப் பார்க்கும், முடியாமல் இழுபட்ட நிலையிலேயே நிற்கும். மருந்து எரியும் முன்பே துளையோரம் இழுப்பில் இருக்கிறது! அமெரிக்கப் படையின் தாமஸ் ராட்மன் இதைத் திருப்பிப்போட்டார். கோர் வழியே தண்ணீர் ஓடவிட்டு உள்ளிருந்து ஆறவைத்தார். வெளித்தோல் பிறகு சுருங்கி, உள்தோலை இறுக்கிப் பிடித்தது. 1849-இல் இரண்டு 8 அங்குலப் பீரங்கிகளை இரண்டு முறையிலும் வார்த்துச் சுட்டுப் பார்த்தபோது, கெட்டியாக வார்த்தது 85-ஆவது வேட்டில் வெடித்தது. தண்ணீர் ஓடவிட்டது 251 வரை தாங்கியது. தாங்கியது என்றால், அதுவும் கடைசியில் வெடித்ததுதான்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். நம்பவில்லை. சரி என்று குழாயைத் துடைத்து, விரிசல் பார்க்கிற சிவப்புச் சாயத்தைத் திரித் துளையைச் சுற்றித் தடவினேன். பத்து நிமிடம் விட்டு, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தோம். துளையிலிருந்து வாய்ப் பக்கமாக, நீளவாக்கில், நான்கு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு ஒன்று மெதுவாக ஊறி வந்தது.

"இது எப்ப வந்துச்சுங்க?" என்றார்.

அதைச் சொல்ல முடியாது என்றேன். குழாயை அவர் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அன்று சாயங்காலமே மற்ற கழிவு இரும்போடு உலையில் போட்டுவிட்டோம்.