ஐந்து நொடியில் புரியாத ப்ரொஃபைல்

ப்ரொஃபைலைச் சரிசெய்து தரும்படி யாராவது கேட்டால் முதலில் ஒரு சின்னச் சோதனை வைப்பேன். அவர்களை அறியாத ஒருவரிடம் அந்த இன்ஸ்டாகிராம் பக்கத்தை ஐந்து நொடி காட்டிவிட்டு, போனை வாங்கிக்கொண்டு மூன்று கேள்வி கேட்பேன். இது யாருக்கானது? இவரிடம் என்ன கிடைக்கும்? வேண்டுமென்றால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? நண்பர்களிடம் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கு ஏற்கெனவே விடை தெரியும்.

அண்மையில் வந்த ஒருவர், வீட்டிலிருந்து பொருள் விற்பவர்கள் போனில் எடுத்து அனுப்பும் படங்களைத் திருத்தித் தருபவர். நல்ல வேலைக்காரர். ரீல்ஸ் பார்த்துப் பக்கத்துக்கு ஆள் வருகிறார்கள், விசாரிப்பதுதான் இல்லை. பயோ இப்படி இருந்தது: "ஒளியின் காதலி | கதைசொல்லி | பயணம் | வாய்ப்புகளுக்கு டிஎம்". சோதித்தவர் சொன்ன பதில்: "ஏதோ டிராவல் போட்டோகிராஃபர் போல."

பயோவுக்கு 150 குறிகள்தான் இடம். யூனிகோடில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக்குறி என்பதால் தமிழில் எழுதினால் அந்த இடம் சட்டென்று தீர்ந்துவிடும். அதனால் தன்னைப் பற்றிய வர்ணனையை முழுவதுமாக எடுத்துவிட்டு இப்படி மாற்றினோம்:

வீட்டிலிருந்து விற்பவர்களுக்கு
போனில் எடுத்த பொருள் படங்களைத் திருத்தித் தருகிறேன்
2 நாளில் கிடைக்கும்
முதல் படம் இலவசம், கீழே அனுப்புங்கள்

முதல் வரியில் ஆள், அடுத்ததில் வேலை, பிறகு நேரம், கடைசியில் செய்ய வேண்டியது. "தரமான சேவை" போன்ற சொற்களுக்கு இதில் இடமே இல்லை. அவற்றை எல்லோரும் போட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. பயோவுக்கு மேலே தடித்த எழுத்தில் வரும் பெயர்ப் பகுதியில் அவர் பெயரோடு "பொருள் படத் திருத்தம்" என்று சேர்த்தோம். தேடலில் அந்தப் பகுதியும் கணக்கில் வரும். ஆனால் 14 நாளில் இரண்டு முறைதான் அதை மாற்ற முடியும், யோசித்து எழுதுங்கள்.

அடுத்து லிங்க். இன்ஸ்டாகிராம் ஐந்து லிங்க் வரை அனுமதிக்கிறது, இவரும் ஐந்தையும் நிரப்பியிருந்தார். ஒன்றுக்கு மேல் போட்டால் வெளியே தெரிவது முதல் லிங்க் மட்டும்தான். மற்றவை "இன்னும் சில" என்று மடங்கிவிடும், தட்டினால்தான் விரியும். முதலில் நின்றது அவருடைய பழைய யூடியூப் சேனல்! நான்கை எடுத்துவிட்டு, வாட்ஸ்அப்புக்குப் போகும் ஒன்றை மட்டும் வைத்தோம்:

```
https://wa.me/<எண்>?text=முதல்%20படம்
```

எண்ணை நாட்டுக் குறியீட்டோடு போட வேண்டும். முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ கூடாது. `text=` என்பதற்குப் பின்னால் இருப்பது, வருபவரின் பெட்டியில் தானாகவே எழுதப்பட்டிருக்கும், அவர் அனுப்பும் பொத்தானை அழுத்தினால் போதும். "என்னவென்று ஆரம்பிப்பது" என்ற தயக்கம் அங்கே போய்விடுகிறது. "முதல் படம்" என்று வரும் செய்தி பயோவிலிருந்து வந்தது என்று அவருக்கும் தெரிந்துவிடும்.

ஹைலைட்ஸில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இவரிடம் பதினைந்துக்கும் மேல் வட்டங்கள், அவற்றில் பாதி பயணப் படங்கள். தள்ளாமல் திரையில் தெரிவது நான்கைந்துதான். வாங்க வருபவர் மனதில் இருக்கும் கேள்விகளை மட்டும் வைத்தோம்: முன்-பின், கட்டணம், எப்படி, கருத்துகள். தலைப்பு நீண்டால் வட்டத்தின் கீழே வெட்டுப்படும், ஆகவே ஒரு சொல் போதும். அட்டைப் படத்தின் நிறத்தைப் பொருத்துவதில் மணிக்கணக்கில் உட்காராதீர்கள் (உட்கார்ந்தே தீருவார்கள், தெரியும்).

கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் வரிசையை. ஹைலைட்டைத் திறந்தால் பழைய ஸ்டோரிதான் முதலில் ஓடும். கட்டணத்தை மாற்றி புது ஸ்டோரி சேர்த்தவர்கள் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். வருபவரோ என்றோ போட்ட பழைய கட்டணத்தை முதலில் பார்த்துவிட்டு, விசாரிக்கும்போது பேரம் பேசுகிறார். பழையதை ஹைலைட்டிலிருந்து நீக்கியே ஆக வேண்டும். வெளியே நடப்பது இதற்கு நேர்மாறு, கடைசியாக ஸ்டோரி சேர்த்த வட்டம் வழக்கமாக முன்னால் வந்துவிடும். முன்-பின் முதலில் நிற்க வேண்டுமென்றால் அதில் கடைசியாக ஒரு ஸ்டோரியைச் சேருங்கள்.

பலன் தெரிய, கணக்கை ப்ரொஃபஷனல் வகைக்கு மாற்றி இன்சைட்ஸில் இரண்டு எண்களைப் பாருங்கள்: ப்ரொஃபைலைப் பார்த்தவர்கள், லிங்க்கைத் தட்டியவர்கள். பார்ப்பவர் நிறைய, தட்டுபவர் குறைவு என்றால் கோளாறு பெரும்பாலும் பயோவில். தட்டுகிறார்கள், ஆனால் செய்தி வரவில்லை என்றால் லிங்க் சரியாகத் திறக்கிறதா என்று வேறொரு போனில் பாருங்கள். செய்தி வந்து, கட்டணம் சொன்னதும் மறைந்துவிட்டால் அதற்குப் பயோவில் மருந்தில்லை. தவறான ஆட்களை அழைத்து வரும் ரீல்ஸைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.