பாய்சான் அண்ணளவு: அது ‘உத்தேச மதிப்பீடு’ இல்லை

‘பாய்சான் உத்தேச மதிப்பீடு’ என்ற தொடரைக் கைபேசிப் படங்களில் அடிக்கடி பார்க்கிறேன். மார்த்தாண்டம், தக்கலை பக்கத்துப் பிள்ளைகள் வினாத்தாளையோ கையேட்டுப் பக்கத்தையோ படமெடுத்து அனுப்புகிறார்கள். படம் கொஞ்சம் சாய்ந்திருக்கும், ஓரத்தில் கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கும். கணக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பெரிய தொகுதி, அதில் அரிதாக வரும் பழுது, அதற்கு ஒரு நிகழ்தகவு, கடைசி வரியில் “பாய்சான் பரவலைக் கொண்டு உத்தேசமாக மதிப்பிடுக.” இந்தக் கடைசி வரி தவறு. காதுக்கு நன்றாக இல்லை என்பதற்காகச் சொல்லவில்லை. அது கணக்கையே மாற்றிவிடுகிறது.

முதலில் சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வினாத்தாள் ‘உத்தேச மதிப்பீடு’ என்று பெயர்ப்பதை ஆங்கிலத்தில் அப்ராக்ஸிமேஷன் என்கிறார்கள். அது லத்தீனில் ‘பக்கத்தில் வருதல்’ என்ற பொருளிலிருந்து வந்தது. ஊகம் அதற்குள் இல்லை, நெருக்கம்தான் இருக்கிறது. பாய்சான் என்பது ஓர் ஆளின் பெயர். சிமியோன் தெனி புவாசோன், பிரெஞ்சுக் கணிதர், 1781-இல் பிறந்து 1840-இல் மறைந்தவர். நீதிமன்றத் தீர்ப்புகளின் நிகழ்தகவு பற்றி அவர் 1837-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பரவல் வருகிறது. பிரெஞ்சு ஒலிக்குப் ‘புவாசோன்’தான் பக்கம், ஆனால் நம் பாடநூல் ‘பாய்சான்’ என்றே பழக்கிவிட்டது. அது இருந்துவிட்டுப் போகட்டும். பெயர் எப்படி ஒலித்தாலும் கணக்கு கெடாது.

கெடுப்பது ‘மதிப்பீடு’. புள்ளியியலில் இந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை கொடுத்தாயிற்று. தெரியாத ஓர் அளவு எங்கோ இருக்கிறது. கையிலிருக்கும் தரவை வைத்து அது என்னவாக இருக்கலாம் என்று சொல்வது மதிப்பீடு. கல்யாண வீட்டில் “உத்தேசமா எத்தனை இலை போடணும்?” என்று சமையல்காரர் கேட்பாரே, அதுதான். வரப்போகும் கூட்டம் யாருக்கும் தெரியாது, போன கல்யாணத்தை வைத்து ஓர் எண் சொல்கிறோம். பாய்சான் செய்யும் வேலை இதுவல்ல. அங்கே எல்லாம் தெரியும். n என்ற மொத்த எண்ணிக்கை தெரியும், ஒன்று பழுதாக இருக்கும் நிகழ்தகவு p தெரியும், சரியான விடைக்கு ஈருறுப்புப் பரவல் என்ற வாய்பாடும் இருக்கிறது. அதைக் கையால் போடுவது பெரும்பாடு என்பதால், அதற்கு மிக நெருக்கமான இன்னொரு பரவலை அந்த இடத்தில் வைக்கிறோம். தெரியாத எதையும் நாம் கண்டுபிடிக்கவில்லை.

சொல் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு படம். கணக்கை நம் மாவட்டத்துப் பொருளுக்கு மாற்றிச் சொல்கிறேன். ரப்பர் பாலில் செய்யும் கையுறைகள், ஒரு தொகுதியில் 2000. ஒரு கையுறையில் ஊசித்துளை இருக்க நிகழ்தகவு 0.0015. தொகுதியில் அதிகபட்சம் 2 கையுறைகள் மட்டுமே பழுதாக இருக்க நிகழ்தகவு என்ன? “உத்தேசமாக மதிப்பிடுக.” பன்னிரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி 2000 × 0.0015 = 3 என்று எழுதி, ‘உத்தேசமாக 3 கையுறைகள் பழுது’ என்று முடித்துவிட்டாள். நான் தவறு என்றதும், “சார், மதிப்பிடத்தானே போட்டிருக்கு? மதிப்பிட்டாச்சே?” என்றாள். அவள் தமிழ் சரி, வினாத்தாளின் தமிழ்தான் தவறு. அந்த 3 விடை அல்ல. λ என்று நாம் குறிக்கும் சராசரி. அங்கிருந்துதான் வேலையே தொடங்குகிறது.

பழுதே இல்லாத தொகுதிக்கு ஈருறுப்புப் பரவல் தரும் நிகழ்தகவு (1 − 0.0015)²⁰⁰⁰. இதை (1 − 3/2000)²⁰⁰⁰ என்று எழுதிப் பாருங்கள். 3-ஐ அப்படியே வைத்து 2000-ஐப் பெரிதாக்கிக்கொண்டே போனால் இது e⁻³ என்ற எல்லையை நெருங்கும். பாய்சானின் முழு ரகசியமும் இந்த ஒரு நெருக்கத்தில் இருக்கிறது. அடுத்த உறுப்புகள் எளிது: ஒரு பழுதுக்கு e⁻³ × 3, இரண்டுக்கு e⁻³ × 9/2. மூன்றையும் கூட்டினால் e⁻³ × 8.5. வினாத்தாள் தரும் e⁻³ = 0.0498 என்ற மதிப்பைப் போட்டால் 0.4233, இன்னும் நுட்பமாகப் போட்டால் 0.4232. ஈருறுப்புப் பரவலிலேயே பொறுமையாகப் போட்டால் 0.4230. வித்தியாசம் நான்காம் தசம இடத்தில்தான்.

இதில் படமெடுக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். மங்கலான படத்தில் 0.0015 என்பது 0.015 போலத் தெரியும், ஒரு சுழி நிழலுக்குள் போய்விடும். அப்படிப் படித்தால் λ 30 ஆகும், விடை நடைமுறையில் பூச்சியமாகிவிடும். அப்போது வினாவின் அடியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் e⁻³ = 0.0498-ஐப் பாருங்கள். அந்த அடுக்கு எண்தான் λ. n × p அதோடு பொருந்தவில்லை என்றால் படத்தைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘இரண்டும் கிட்டத்தட்ட என்ற பொருள்தானே, எதற்கு இவ்வளவு பிடிவாதம்?’ என்று கேட்கும் ஆசிரியர்கள் உண்டு. அவர்களுக்கு அதே கையுறையிலிருந்து பதில் சொல்கிறேன். 0.0015 என்ற எண் எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து விழவில்லை. கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு எங்காவது கசிகிறதா என்று பார்ப்பார்கள். அப்படி 40,000 கையுறைகளைப் பார்த்து 60-இல் கசிவு கண்டார்கள் என்று வையுங்கள். 60-ஐ 40,000-ஆல் வகுத்தால் 0.0015. இது மதிப்பீடு. அசல் மதிப்பீடு. இதில் ஆட்டம் உண்டு. 60 என்ற எண்ணிக்கையின் திட்ட விலக்கம் சுமார் 60-இன் வர்க்கமூலம், அதாவது எட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரு பக்கமும் அதைப்போல் இரு மடங்கு விட்டால், நீண்டகாலச் சராசரி 45 முதல் 75 வரை எங்கும் இருக்கலாம். அப்படியானால் 2000-க்கான λ 2.25 முதல் 3.75 வரை போகும். நம் விடையும் 0.61-இலிருந்து 0.28 வரை நகரும்.

இப்போது இரண்டு பிழைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மதிப்பீட்டால் விடை 0.28-க்கும் 0.61-க்கும் நடுவில் ஊசலாடுகிறது. பாய்சானை வைத்ததால் வந்த பிழை 0.0002. முதலாவதைக் குறைக்க இன்னும் ஆயிரக்கணக்கான கையுறைகளில் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டாவதைக் குறைக்க ஒரு கையுறையைக்கூடத் தொட வேண்டாம், ஈருறுப்பு வாய்பாட்டை முழுதாகப் போட்டாலே போதும். இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைப்பவருக்குப் பாடம் புரியவில்லை, அல்லது அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர்கள்மீது எனக்குள்ள வருத்தம் இதுதான். வடசொல்லா தமிழ்ச்சொல்லா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். ‘உத்தேசம்’ வடசொல் என்பது எனக்குப் பெரிய குறையில்லை. ஒரே பாடத்தில், அடுத்தடுத்த பக்கங்களில், இரண்டு வேறு செயல்களுக்கு ஒரே பெயர் வைத்திருப்பதுதான் குறை.

‘உத்தேசம்’ இன்னொரு வகையிலும் பொருந்தாது. உத்தேசமாகச் சொன்னவரிடம் ‘எவ்வளவு தப்பும்?’ என்று கேட்டால் பதில் இருக்காது. பாய்சானிடம் இருக்கிறது. புள்ளியியலாளர் லூசியன் லெ காம் 1960-இல் காட்டிய எல்லை ஒன்று உண்டு. ‘அதிகபட்சம் 2’, ‘5-க்கு மேல்’, ‘சரியாக 4’ என்று எந்தக் கேள்வியைக் கேட்டாலும், ஈருறுப்பு விடைக்கும் பாய்சான் விடைக்கும் உள்ள வேறுபாடு np²-ஐத் தாண்டாது. நம் கணக்கில் அது 0.0045. விடையைப் போடுவதற்கு முன்பே பிழைக்கு வேலி கட்டியாயிற்று.

அந்த np²-ஐ λ × p என்று எழுதினால் இன்னொன்றும் தெரியும். λ மாறாமல் இருந்தால் நெருக்கத்தைத் தீர்மானிப்பது p. ‘n பெரிதாக இருந்தால் பாய்சான்’ என்று மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். 20 கையுறை, p = 0.15 என்று எடுத்தாலும் λ அதே 3-தான், பாய்சான் விடையும் அதே 0.4232-தான். ஆனால் ஈருறுப்பு விடை 0.4049 ஆகிவிட்டது. காரணம் பரவற்படியில் இருக்கிறது. ஈருறுப்புக்கு அது np(1 − p), அதாவது 2.55, பாய்சானுக்கு 3. p சிறிதாக இருந்தால்தான் அந்த (1 − p) ஒன்றோடு ஒட்டி, இரண்டும் ஒன்றுபோலப் பரவும்.

அப்படியானால் சரியான தமிழ் எது? ‘தோராயம்’ என்கிறார்கள். தனியாக நின்றால் ஏற்கலாம், ‘தோராய மதிப்பீடு’ என்று வாலை ஒட்டினால் பழைய குழப்பமே திரும்பிவிடும். நான் எடுப்பது இலங்கைத் தமிழில் வழங்கும் ‘அண்ணளவு’. அண்ணித்தல் என்றால் நெருங்குதல். நெருங்கிய அளவு அண்ணளவு. லத்தீன் வேரில் இருக்கும் அதே பொருள், யாரும் முயன்று கொண்டுவராமலே தமிழில் இருக்கிறது. ‘பாய்சான் அண்ணளவு’ என்று பெயர்ச்சொல், ‘அண்ணளவாக்கு’ என்று வினை. குமரிப் பிள்ளைகளுக்குப் புதிது என்பார்கள். நிகழ்தகவும் ஒரு காலத்தில் புதிதுதான்.

‘அரிய குறைபாடுகள்’ என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். அரிய நூல், அரிய வாய்ப்பு என்று மதிப்புக்குரியவற்றுக்குச் சொல்வதைக் கையுறை ஓட்டைக்குச் சொல்வானேன்? ‘அரிதாக வரும் பழுது’ போதும்.

ஒரு நிபந்தனையை மட்டும் எந்தச் சொல்லும் காப்பாற்றாது. ஒரு கையுறையின் பழுது இன்னொன்றைச் சாராமல் இருக்க வேண்டும். பீங்கான் கை அச்சுகளை ரப்பர் பால் தொட்டியில் முக்கி எடுத்துத்தான் கையுறை செய்கிறார்கள். தொட்டியில் நுரை குமிழ்ந்தால் அடுத்தடுத்து நாலைந்து கையுறைகள் ஓட்டையாகும். கணக்கு எளிதாக இருக்க, பழுதுகள் மும்மூன்றாக வருகின்றன, ஒரு தொகுதிக்குச் சராசரியாக இப்படி ஒரு கூட்டம் என்று வைத்தால், சராசரி அதே 3. ஆனால் பழுதே இல்லாத தொகுதிக்கு நிகழ்தகவு e⁻³ அல்ல, e⁻¹, அதாவது 0.37. நூறு தொகுதியில் 5 சுத்தமாக இருக்கும் என்று கணக்கு சொல்ல, 37 சுத்தமாக இருக்கும். இது அண்ணளவின் பிழையும் இல்லை, ஈருறுப்புப் பரவலே இங்கே பொருந்தாது. பல தொகுதிகளின் பழுது எண்ணிக்கையை எழுதி, சராசரியையும் பரவற்படியையும் ஒப்பிட்டால் பிடிபடும். ஒட்டியிருந்தால் சரி. இங்கே போல 3-க்கு எதிரே 9 நின்றால் தொட்டியைப் போய்ப் பார்க்க வேண்டும்.

வினாத்தாள் எழுதுபவர்கள் கடைசி வரியை இப்படி எழுதலாம்: “ஈருறுப்புப் பரவலுக்குப் பாய்சான் அண்ணளவைப் பயன்படுத்தி, 2000 கையுறைகளில் அதிகபட்சம் 2 மட்டுமே பழுதாக இருப்பதற்கான நிகழ்தகவைக் காண்க.” எதைக் காண வேண்டும், எதற்குப் பதிலாக எதை வைக்க வேண்டும் என்ற இரண்டும் அதில் இருக்கின்றன. 3 என்று எழுதி நிறுத்த யாருக்கும் இடமிருக்காது.